வாரத்துக்கு எத்தனை செட்? பதரைத் தூற்றிவிட்டு எண்ணும் முறை

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஜிம்மில் பத்து வருடத்துக்கு மேலாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். தசையைப் பெருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் செட் கணக்கைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

"மாஸ்டர், என் சார்ட்ல மார்புக்கு வாரம் 16 செட் இருக்கு. இது போதுமா?"

சார்ட்டை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதில் எழுதியிருப்பது நீங்கள் செய்ய நினைத்த செட். தசை வளர்வது செய்து முடித்த செட்டால், அதிலும் கடினமாகச் செய்த செட்டால்.

களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லைப் பார்த்து இத்தனை மூட்டை என்று நம் ஊரில் யாரும் முடிவு கட்டுவதில்லை. தூற்றிப் பதரை நீக்கிய பிறகுதான் மூட்டை பிடிக்கிறோம். செட்டையும் அப்படித்தான் எண்ண வேண்டும். முதலில், தசைக்கு வேலை கொடுக்காத செட்டுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் அவற்றைப் பதர் செட் என்றே சொல்வேன். அடுத்து, ஒரே பயிற்சியில் இரண்டு மூன்று தசைகள் உழைத்தால் அந்தச் செட்டை அவற்றுக்குள் பங்கு பிரியுங்கள். கடைசியாக, ஒரு வாரத்தை மட்டும் பார்க்காமல் கடந்த நான்கு வாரத்து நோட்டைப் பார்த்துச் சராசரி எடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு கையில் நிற்கும் எண்தான் போதுமா போதாதா என்று கேட்கத் தகுந்த எண்.

"கடினமான செட்னா எது? வேர்த்துக் கொட்டினா அது கடினமான செட் தானே?"

வேர்வை ஒரு கணக்கே இல்லை. சித்திரை மாதத்தில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்க்கும். தசை எரிவதும் சரியான அளவுகோல் அல்ல. கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நீட்டி வைத்திருந்தால் தோள் எரியும், ஆனால் அதனால் தோள் வளர்ந்துவிடாது.

செட்டை நீங்கள் நிறுத்திய இடத்தில், ஒழுங்கு கெடாமல் இன்னும் எத்தனை ரெப் செய்திருக்க முடியும்? இந்தக் கேள்விக்குப் பதில் சைபர், ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்றால் அது கடினமான செட். ஐந்தாறு ரெப் கைவசம் இருக்கும்போதே எடையைக் கீழே வைத்துவிட்டால் அதை நான் எண்ணுவதில்லை. அதனால் பலனே கிடையாது என்று சொல்லவில்லை. மற்றச் செட்டுகளோடு சரிசமமாக வைத்து எண்ணும் அளவுக்குப் பலன் இல்லை, அவ்வளவுதான்.

எத்தனை மிச்சம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? வேகத்தைக் கவனியுங்கள். முதல் ரெப்பும் கடைசி ரெப்பும் ஒரே வேகத்தில் ஏறினால் மிச்சம் நிறைய இருக்கிறது. நீங்கள் முழு பலத்தோடு தள்ளியும் எடை தானாகவே மெதுவாக ஏறத் தொடங்குகிறதே, அந்த இடத்திலிருந்துதான் செட் கடினமாகிறது. போனில் ஒரு செட்டைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள். செய்யும்போது உயிரே போவது போல இருந்த செட், வீடியோவில் ஒரே சீராக ஓடியிருப்பதை நிறையப் பேர் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு மெஷின் பயிற்சியில் கடைசிச் செட்டைத் தொடங்கும் முன் "இன்றைக்கு இத்தனைதான் வரும்" என்று ஓர் எண்ணை நோட்டில் எழுதுங்கள். பிறகு இதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது என்ற இடம்வரை போங்கள். எழுதியது 12, வந்தது 13 என்றால் உங்கள் மதிப்பீடு நன்றாக இருக்கிறது. எழுதியது 12, வந்தது 19 என்றால் இதுவரை அந்தப் பயிற்சியில் எழுதிவந்த கணக்கு முழுவதும் பதர். இந்தச் சோதனையை லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், புல்டவுன், பெக் டெக் போன்றவற்றில் மட்டும் செய்யுங்கள். தாங்கு கம்பி இல்லாத இடத்தில் ஸ்குவாட்டிலோ, ஆள் நிற்காமல் பெஞ்ச் பிரஸ்ஸிலோ வேண்டாம்.

வார்ம்-அப் செட்டை எண்ணக் கூடாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நம் ஜிம்களில் வழக்கமாக இருக்கும் படிப்படியாக எடை ஏற்றும் முறையில் அது மறைந்துகொள்கிறது. 40 கிலோவில் 15, 50-ல் 12, 55-ல் 10, 60-ல் 7 என்று போனால் நோட்டில் நான்கு செட். அதில் முதல் இரண்டும் வார்ம்-அப் தான். இரண்டே செட் எண்ணுங்கள்.

"வெயிட் கம்மி, ரெப் ஜாஸ்தி. வீட்ல தண்டாலும் பஸ்கியும் மட்டும்தான் போடறேன். எங்களுக்கு இந்தக் கணக்கு செல்லுமா?"

செல்லும். சுமார் 5 ரெப்பிலிருந்து 30 ரெப் வரை, முடியாத எல்லைக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினால் ஒரு செட் ஒரு செட்தான். 25-ஆவது தண்டாலில் கை நடுங்கி 27-ல் நின்றால் அது மார்புக்கு ஒரு முழுச் செட். 60, 70 தண்டால் அனாயாசமாகப் போடுகிறவர் என்றால், காலை உயரத்தில் வைத்தோ முதுகில் எடை கட்டியோ 30-க்குள் கொண்டுவாருங்கள். பஸ்கியில் அந்த எல்லைக்குப் போவதற்கு முன்பே மூச்சு வாங்கிப் பெரும்பாலானோர் நின்றுவிடுவார்கள். அங்கே நிறுத்தியது மூச்சு, தொடை அல்ல. ஒற்றைக் காலைப் பின்னால் திண்ணையிலோ நாற்காலியிலோ வைத்துப் போட்டுப் பாருங்கள். 12, 15-லேயே தொடை பதில் சொல்லிவிடும்.

தண்டாலும் பஸ்கியும் மட்டும் போடுகிறவர்களின் நோட்டில் முதுகுக்குச் சைபர் நிற்கும். கணக்குப் போடுவதன் முதல் பலனே அந்தச் சைபர் கண்ணில் படுவதுதான். குனிந்து ரோ செய்ய ஒரு தண்ணீர்க் குடமோ மணல் நிரப்பிய பையோ போதும்.

"பெஞ்ச் பிரஸ் போட்டா ட்ரைசெப்ஸுக்கும் வேலை இருக்கே. அங்கேயும் ஒரு செட்னு எழுதலாமா?"

அரை செட் என்று எழுதுங்கள். எந்தத் தசைக்காக அந்தப் பயிற்சியைச் செய்கிறோமோ அதற்கு ஒன்று, கூட உழைக்கும் தசைக்கு அரை. பெஞ்ச் பிரஸ் என்றால் மார்புக்கு ஒன்று, ட்ரைசெப்ஸுக்கும் முன்தோளுக்கும் அரை அரை. புல்டவுனும் ரோவும் முதுகுக்கு ஒன்று, பைசெப்ஸுக்கு அரை.

இந்த அரை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நேரடிச் செட்டை மட்டும் எண்ணுவது, எல்லாவற்றையும் முழுதாக எண்ணுவது, அரையாக எண்ணுவது என்று மூன்று விதமாகவும் பழைய ஆய்வுகளின் முடிவுகளைப் பெல்லாண்ட் என்பவரின் குழு பொருத்திப் பார்த்து 2024-ல் வெளியிட்டது. தசை வளர்ந்த அளவோடு நன்றாகப் பொருந்திவந்தது அரைக் கணக்குத்தான். அதற்காக ட்ரைசெப்ஸுக்குப் பெஞ்ச் பிரஸ்ஸில் மிகச் சரியாகப் பாதி வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு நடுவாந்தரமான மதிப்பு. கையைக் குறுக்கிப் பிடித்தால் கூடும், அகலப் பிடித்தால் குறையும்.

அரைகூட எழுதக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. ஸ்குவாட்டைப் பின்தொடைக்கு எண்ணாதீர்கள். குபோ என்பவரின் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் ஸ்குவாட் செய்தவர்களுக்கு முன்தொடையும் பிட்டமும் உள்தொடையும் வளர்ந்தன, பின்தொடை அப்படியே இருந்தது. முழங்காலும் இடுப்பும் ஒரே நேரத்தில் மடங்கி விரிவதால் பின்தொடைத் தசையின் நீளம் அவ்வளவாக மாறுவதில்லை. அதற்கு லெக் கர்லும் ரொமானியன் டெட்லிஃப்ட்டும் தனியாக வேண்டும்.

"ஒரு முழு சார்ட்டை எடுத்து நீங்களே கணக்குப் போட்டுக் காட்டுங்களேன் அண்ணா."

சரி. பாபநாசம் பக்கத்திலிருந்து வரும் 26 வயதுத் தம்பி ஒருவர், 72 கிலோ, இரண்டு வருடமாகப் பயிற்சி செய்கிறார். மார்பும் கையும் ஆறு மாதமாக அப்படியே நிற்கின்றன, கைக்கு இன்னொரு நாள் கூட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஐந்து நாள் சார்ட். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். மொத்தம் 70 செட். ஒரு வாரம் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மார்பில் நான்கு பயிற்சி, தலா நான்கு செட். பெஞ்ச் பிரஸ்ஸில் மேலே சொன்ன அதே படிப்படி முறை, எனவே இரண்டு. இன்கிளைன் டம்பெல்லை 15 கிலோவில் 12 ரெப் என்று நான்கு செட் செய்தார். கடைசிச் செட்டில் 12 வந்ததும் "நிறுத்தாதே, போ" என்றேன். 19-ல் போய் நின்றார். ஓய்ந்துபோயிருக்க வேண்டிய கடைசிச் செட்டிலேயே ஏழு ரெப் மிச்சம் என்றால் முன்னால் செய்த மூன்றிலும் அதைவிட அதிகமாகவே மிச்சம் இருந்திருக்கும். அந்தப் பயிற்சிக்குச் சைபர் போட்டேன். பெக் டெக்கில் முதல் செட் போக மூன்று, கேபிளில் மூன்று. ஆக மார்புக்குத் தாளில் 16, தூற்றிய பிறகு 8.

முதுகுக்குத் தாளில் 12. புல்டவுனில் மூன்று, சீட்டட் ரோவில் மூன்று, டம்பெல் ரோவில் இரண்டு என்று 8 தேறியது. கைக்கு வந்தால் கதை மாறுகிறது. பைசெப்ஸுக்குத் தாளில் 8, அதில் கடினமானவை 6. ஆனால் முதுகுப் பயிற்சியின் 8 செட்டும் அரை அரையாகச் சேர்ந்து 4 கூடுகின்றன. ஆக 10. ட்ரைசெப்ஸுக்கும் அப்படியே: நேரடியாக 6, பெஞ்ச் பிரஸ் 2, ஷோல்டர் பிரஸ் 3 ஆகியவற்றின் பாதி 2½, மொத்தம் 8½. மற்ற முக்கியத் தசைகளையும் இதே முறையில் எண்ணினால் இப்படி வந்தது:

| தசை | சார்ட்டில் | தூற்றிய பின் |
|---|---|---|
| மார்பு | 16 | 8 |
| முதுகு | 12 | 8 |
| முன்தோள் | 8 | 7 |
| பக்கத்தோள் | 4 | 4½ |
| பைசெப்ஸ் | 8 | 10 |
| ட்ரைசெப்ஸ் | 8 | 8½ |
| முன்தொடை | 8 | 5 |
| பின்தொடை | 3 | 2 |

இதோடு முடியவில்லை. நோட்டைப் புரட்டினால் நான்கு வெள்ளிக்கிழமையில் ஒன்று விட்டுப்போயிருந்தது. வெள்ளி என்றால் கால் நாள். அதனால் முன்தொடையின் சராசரி 4-க்கும் கீழே, பின்தொடையின் சராசரி வெறும் ஒன்றரை.

அவர் கூட்டக் கேட்ட கைக்குத்தான் இருப்பதிலேயே அதிகக் கணக்கு இருந்தது. கையில் குறை செட் அல்ல. மார்பில் பாதி பதர். பக்கத்தோளும் காலும் கிட்டத்தட்டப் பட்டினி. இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சார்ட்டை மாற்றினோம்.

நான்கு நாளாக்கினோம். திங்களும் வியாழனும் மேல்உடம்பு, செவ்வாயும் வெள்ளியும் கால். வெள்ளி விட்டுப்போனாலும் செவ்வாய் கால் வந்துவிடும். கேபிளையும் ஃபிரண்ட் ரைஸையும் எடுத்துவிட்டோம், ஏனென்றால் பெஞ்ச் பிரஸ்ஸும் ஷோல்டர் பிரஸ்ஸுமே முன்தோளுக்குப் போதுமான வேலை கொடுக்கின்றன. இன்கிளைன் டம்பெல் 17½ கிலோவுக்குப் போனது, 10 ரெப்பிலேயே கை நின்றது. வார்ம்-அப்பை எழுதுவதையே நிறுத்தினோம். முக்கியமானவற்றை மட்டும் சொன்னால், மார்பு 10, முதுகு 10, பக்கத்தோளுக்கு லேட்டரல் ரைஸ் 6, கைக்கு நேரடியாகத் தலா 4 மட்டும், முன்தொடை 11, பின்தொடை 8. தாளில் 70 ஆக இருந்தது 60 ஆகக் குறைந்தது. ஆனால் முன்பு அந்த 70-ல் கடினமானவை 46 தான். இப்போது 60-ல் கிட்டத்தட்ட எல்லாமே கடினமானவை.

12 வாரம் கழித்துத் தொடை 53 செ.மீ.யிலிருந்து 55 ஆகியிருந்தது. இன்கிளைன் டம்பெல் 20 கிலோவில் 11 ரெப். பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோ 11 ரெப். கை அரை செ.மீ.தான் ஏறியது. எடை 74. இதில் செட் கணக்குக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதே சமயத்தில் காலை இட்லியோடு மூன்று முட்டையும் சாப்பிட ஆரம்பித்திருந்தார். ஆனால் இன்கிளைனில் 15 கிலோவிலேயே நின்றதற்குக் காரணம் சாப்பாடு இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

"ஒருத்தர் 10 போதும்கறார், இன்னொருத்தர் 25 வேணும்கறார். யாரை நம்பறது?"

இரண்டு பேரும் வேறு வேறு அளவுப்படியால் அளந்திருக்கலாம். முதலில் அதைக் கேளுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸை ட்ரைசெப்ஸுக்கு முழுச் செட்டாக எண்ணுகிறவரின் 20-ம், நேரடிச் செட்டை மட்டும் எண்ணுகிறவரின் 10-ம் ஒரே சார்ட்டாகக்கூட இருக்கலாம்.

10 என்ற எண் பரவலானதற்கு ஷோன்ஃபெல்ட், ஆக்போர்ன், கிரீகர் மூவரும் 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் வெளியிட்ட கட்டுரை ஒரு முக்கியக் காரணம். வாரத்துக்கு 5-க்கும் குறைவாகச் செய்தவர்களைவிட 5 முதல் 9 வரை செய்தவர்கள் சற்று அதிகமாகவும், 10-ம் அதற்கு மேலும் செய்தவர்கள் இன்னும் அதிகமாகவும் வளர்ந்திருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, 5-க்குக் கீழே செய்தவர்களும் வளர்ந்தார்கள் என்பது. 10 என்பது வாசற்படி இல்லை, அதைத் தாண்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். செட் கூடக்கூட வளர்ச்சி கூடுகிறது, ஆனால் கூடும் அளவு சிறுத்துக்கொண்டே வருகிறது. ஒன்றாவது மூட்டை உரத்துக்குப் பயிர் காட்டும் பச்சை ஐந்தாவது மூட்டைக்குக் காட்டாதது மாதிரி.

என் அனுபவத்தில், தூற்றிய கணக்கில் ஒரு தசைக்கு 8 முதல் 14 வரை இருந்தால் வேலைக்குப் போய்க்கொண்டு பயிற்சி செய்கிறவர்களில் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கிறது. முதல் ஆறு மாதக்காரர்களுக்கு 5, 6-ஏ போதும். அவர்களுக்கு அப்போது தேவை பயிற்சியைச் சரியாகச் செய்யப் பழகுவது. 20-க்கு மேல் போவதை எல்லாத் தசைக்கும் ஒரே நேரத்தில் நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை. ஏதாவது ஒரு தசை பின்தங்கியிருந்தால், மற்றவற்றைக் குறைத்துக்கொண்டு அதை மட்டும் எட்டு வாரம் ஏற்றிப் பார்க்கலாம்.

"16 செட்டையும் ஒரே நாள்ல முடிச்சிடறேன். என்ன இப்போ?"

எட்டாவது, ஒன்பதாவது செட்டுக்குப் பிறகு உங்கள் எடையும் ரெப்பும் எவ்வளவு விழுகின்றன என்று நோட்டில் பாருங்கள். மார்புக்கே முதல் பயிற்சியில் 60 கிலோ தள்ளியவர், நாலாவது பயிற்சியில் விளையாட்டுப் பிள்ளை எடையைப் பிடித்துக்கொண்டு திணறுவார். இரண்டு நாளாகப் பிரித்தால் அதே எண்ணிக்கையில் நல்ல எடையோடு செய்யலாம். நாள் பிரிப்பதில் தனி மந்திரம் எதுவும் இல்லை, செட்டின் தரம் விழாமல் காப்பாற்றுவதற்காகத்தான்.

"ஓய்வு 30 விநாடிதான் எடுக்கறேன், நல்லா பம்ப் ஏறுது."

பம்ப் ஏறும், ஆனால் அடுத்த செட்டில் ரெப் பாதியாகும். 2016-ல் ஷோன்ஃபெல்ட் குழு ஒரு நிமிட ஓய்வையும் மூன்று நிமிட ஓய்வையும் ஒப்பிட்டபோது மூன்று நிமிடக்காரர்களுக்கே வளர்ச்சி அதிகம். ஸ்குவாட், பெஞ்ச், ரோ என்றால் இரண்டு, மூன்று நிமிடம். கர்ல், லேட்டரல் ரைஸ் என்றால் ஒன்றரை நிமிடம் போதும். நேரமே இல்லை, அரை நிமிடம்தான் முடியும் என்றால் அப்படிச் செய்த மூன்று செட்டை இரண்டாக எண்ணுங்கள். இது நான் வைத்துக்கொண்ட கணக்கு.

"கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்கறேன். 40 கிலோ மூட்டை, ஒரு நாளைக்கு நூறுக்கு மேல. அதையும் செட்ல சேர்க்கணுமா?"

செட்டாகச் சேர்க்க வேண்டாம். ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நடந்து போகிறீர்கள். இடையில் தசைக்கு மூச்சு கிடைத்துவிடுகிறது. முடியாத எல்லைக்கு எந்தத் தசையும் போவதில்லை. அப்படிப் போனால் நாள் முழுக்க அந்த வேலையைச் செய்யவே முடியாது. புதிதாகச் சேர்ந்த முதல் சில மாதங்களில் முதுகும் பிடரியும் வளர்ந்திருக்கும். அதன் பிறகு உடம்பு அந்த 40 கிலோவுக்குப் பழகிவிடுகிறது, எடையும் ஏறுவதில்லை.

ஆனால் களைப்பை எண்ணியாக வேண்டும். கீழ்முதுகு, முன்னங்கை, பிடி ஆகிய மூன்றும் ஜிம்முக்கு வரும்போதே பாதி செலவாகியிருக்கும். அதனால் அறுவடை மாதங்களில் உங்களுக்கு ரொமானியன் டெட்லிஃப்ட்டும் குனிந்து செய்யும் ரோவும் வேண்டாம். பின்தொடைக்கு லெக் கர்ல், முதுகுக்கு மார்பைச் சாய்த்துக்கொண்டு செய்யும் ரோவும் புல்டவுனும் போடுங்கள். தள்ளும் பயிற்சிகளை வழக்கம்போலச் செய்யலாம், மூட்டை வேலையில் மார்புக்கும் ட்ரைசெப்ஸுக்கும் அதிக வேலை இல்லை. எண்ணிக்கையை மூன்றில் இரண்டாக்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் வரும் அண்ணன் ஒருவர் சம்பா அறுவடை முழுக்க முதுகுக்கு 6 செட்டோடு நிறுத்திக்கொள்வார். கொள்முதல் முடிந்ததும் 10-க்குப் போவார். அவருக்கு அது சரியாக வருகிறது. காலையில் பழைய சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறீர்கள் என்றால் அதோடு இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ சேருங்கள்.

"தூத்திப் பார்த்தாச்சு, 12 வருது. ஆனா உடம்பு ஏறலையே?"

எண்ணைத் தொடும் முன் நோட்டைப் பாருங்கள். ஒவ்வொரு தசைக்கும் ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரத்துக்கு முன் அதே எடையில் எத்தனை ரெப், இப்போது எத்தனை என்று ஒப்பிடுங்கள். ரெப் ஏறிக்கொண்டிருந்தால் தசை வளர்ந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம், கண்ணாடிக்குத் தெரிய நாளாகும். ஒன்றும் மாற்ற வேண்டாம்.

ரெப் நின்றுவிட்டது, ஆனால் நீங்கள் புத்துணர்ச்சியாக வருகிறீர்கள், மறுநாளே வலி போய்விடுகிறது, தூக்கம் சரி, உடல் எடையும் விழவில்லை என்றால் அந்தத் தசைக்குச் செட் குறைவு. வாரத்துக்கு இரண்டு செட் கூட்டி நான்கு வாரம் பாருங்கள். எல்லாத் தசைக்கும் கூட்டாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

ரெப் குறைகிறது, அடுத்த முறை வரும்போதும் வலி மிச்சம், மூட்டு முனகுகிறது, வழக்கமான எடையே கனமாகத் தெரிகிறது என்றால் செட் அதிகம். மூன்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். ரெப் விழுவதைப் பார்த்துப் பயந்து இன்னும் நான்கு செட் சேர்ப்பார்கள். நானும் 24 வயதில் அப்படிச் செய்து, மார்புக்கு 28 செட்வரை போய், இடது தோளில் வலி வந்து மூன்று மாதம் பெஞ்ச் பக்கமே போக முடியாமல் இருந்தேன். அன்றைக்கு என்னிடம் நோட்டு இல்லை. இருந்திருந்தால் 20-க்கு மேல் போன வாரத்திலிருந்தே எடை இறங்கத் தொடங்கியது தெரிந்திருக்கும்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் எல்லாருக்குமே ஒன்றிரண்டு ரெப் விழும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். காலை ஆறு மணிக்குச் செய்ததை மாலை ஐந்து மணிக்குச் செய்ததோடும் ஒப்பிட வேண்டாம்.

"மேட்டூர் திறந்துட்டாங்க. குறுவை நடவு முடியற வரைக்கும் வாரம் ஒரு நாள்தான் வர முடியும். எல்லாம் போயிடுமா?"

போகாது. வளர்ப்பதற்கு வேண்டிய செட்டைவிட, இருப்பதைக் காப்பாற்ற வேண்டிய செட் மிகக் குறைவு. 2011-ல் பிக்கெல் என்பவரின் குழு, 16 வாரம் தொடைக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, பிறகு அளவை மூன்றில் ஒன்றாக, அதாவது வாரம் மூன்று நாளை ஒரே நாளாகக் குறைத்து 32 வாரம் பார்த்தது. இளம் வயதினருக்குத் தசை குறையவில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்தது. எனவே உங்கள் அப்பாவும் உங்களோடு வருகிறார் என்றால் அவருக்கு வாரம் இரண்டு நாளாவது ஏற்பாடு செய்யுங்கள்.

வருகிற அந்த ஒரு நாளில் ஒரு தசைக்கு மூன்று, நான்கு கடினமான செட். ஸ்குவாட் அல்லது லெக் பிரஸ் 3, லெக் கர்ல் 3, பெஞ்ச் பிரஸ் 4, புல்டவுன் 4, நேரம் இருந்தால் லேட்டரல் ரைஸ் 2. கைக்குத் தனியாக எதுவும் வேண்டாம், புல்டவுனும் பெஞ்சும் தரும் அரைக் கணக்கே நடவு முடியும்வரை தாங்கும். எடையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். பழைய எடையிலேயே, ஒன்றிரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்துங்கள். நடவு முடிந்து திரும்பியதும் முதல் வாரமே பழைய 10, 12-க்குத் தாவினால் இரண்டு நாள் படி இறங்க முடியாது. முதல் வாரம் 5, அடுத்த வாரம் 7 என்று ஏற்றி, நாலாவது வாரத்தில் பழைய கணக்குக்கு வாருங்கள்.